சுறாப்புட்டுக்குள் இரண்டு பவுன்: சாப்பாட்டைப் பேசியபடி சண்டை போடும் காட்சியை எழுதுவது எப்படி

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. மே மாதக் கடைசி. பெண்ணைப் பெற்றவளும் மாப்பிள்ளையைப் பெற்றவளும் சுறாப்புட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஐந்து மாதக் குழந்தை தூங்குகிறது. அவர்கள் பேசுவது பூண்டு, உப்பு, முள் பற்றி மட்டும்தான். சண்டையோ, கல்யாணத்தின்போது போடுவதாகச் சொல்லி இன்னும் போடாத இரண்டு பவுன் நகைக்காக.

இந்த ஒரு காட்சியைத்தான் இந்த வழிகாட்டி முழுக்க எழுதப்போகிறோம். பொதுவாகப் பேசினால் இந்த வித்தை கைக்குச் சிக்காது. ஒரே காட்சியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால்தான் எங்கே எது வேலை செய்கிறது என்று தெரியும்.

முதலில் சண்டையை அம்மணமாக எழுதுங்கள்

மறைக்க வேண்டியது என்னவென்று எழுதுபவருக்கே தெளிவாக இல்லாவிட்டால் காட்சி வெறும் சமையல் பேச்சாக நின்றுவிடும். அதனால் முதல் வரைவில் சாப்பாடே வேண்டாம். இரண்டு பேரும் மனதில் இருப்பதை அப்படியே கொட்டட்டும். இந்த வரைவை யாருக்கும் காட்டப்போவதில்லை.

சூசையம்மாள் (மாப்பிள்ளையின் அம்மா, மூக்கையூர்): "ஏழு பவுன்னு சொன்னீங்க. அஞ்சுதான் வந்துச்சு. பிள்ளை பிறந்ததும் மிச்சம்னீங்க. அஞ்சு மாசம் ஆச்சு. நகையும் வரல, என் பேரனும் வரல. ஊர்ல கேக்குறவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

திரேசம்மாள் (பெண்ணின் அம்மா): "கையில காசு இல்ல. நகை போடாம அனுப்பினா என் மகளை வாய்க்கு வந்தபடி பேசுவீங்க. அதுக்குப் பயந்துதான் அனுப்பாம வச்சிருக்கேன்."

இதை எழுதியபோதுதான் எனக்கே ஒன்று தெரியவந்தது. சூசையம்மாளுக்கு நகையைவிடப் பேரன்தான் முக்கியம். "நகை அப்புறம் பார்த்துக்கலாம், பிள்ளையை அனுப்புங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. திரேசம்மாளுக்கும் "காசு இல்லை" என்பது வாயில் வராது. ஆக, இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் விரும்புகிறார்கள், ஆனால் எதிரெதிராக நிற்கிறார்கள். அம்மண வரைவில் இப்படி ஒரு முடிச்சு கிடைக்காவிட்டால் மேலே போகாதீர்கள். ஒருத்தி நல்லவள், ஒருத்தி கெட்டவள் என்று மட்டும் இருந்தால், அந்தச் சண்டையைச் சாப்பாட்டுக்குள் ஒளிக்கத் தேவையே இருக்காது.

வாயைக் கட்டியிருப்பது எது?

மனிதர்கள் சும்மா சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. நேராகப் பேசினால் எதையோ இழப்பார்கள், அதனால்தான் வளைக்கிறார்கள். அந்த இழப்பு என்னவென்று எழுதுபவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே மூன்று கட்டுகள் இருக்கின்றன. முதலாவது, சம்பந்திகளுக்குள் விழுந்த வார்த்தையைத் திரும்ப அள்ள முடியாது. அதன் வலியை அனுபவிப்பவள் உள்ளே படுத்திருக்கும் திரேசம்மாளின் மகள் ஸ்டெல்லா. இரண்டாவது, திண்ணை தெருவைப் பார்த்து இருக்கிறது. மூன்றாவது, வரதட்சணை கேட்பது 1961 முதல் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குப் பயந்து சூசையம்மாள் மௌனமாக இருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "கேட்டோம்" என்ற பெயர் வரக்கூடாது என்பதில் மாப்பிள்ளை வீட்டார் எப்போதும் கவனமாக இருப்பார்கள். "அவங்களாத்தான் போட்டாங்க" என்றுதான் சொல்லுவார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

கட்டு இல்லாத இடத்தில் இந்தக் காட்சியும் இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். கீழக்கரை மரைக்காயர் குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்கும் வழக்கம் உண்டு. அங்கே "மகளை எப்போது அனுப்புவீர்கள்" என்ற கேள்வியே எழாது. அதே கரைதான், பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் அங்கே வேறு சண்டையைத் தேட வேண்டும். பேச்சும் மாறும்: குழம்பு 'ஆணம்' ஆகிவிடும்.

சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான வரைவுகள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன. சாப்பாடு எதுவாக இருந்தாலும் சரி என்று நினைத்து, ஏதோ ஒரு மீன் குழம்பை வைத்துவிடுகிறோம். நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: அந்தப் பண்டத்தை எடுத்துவிட்டு சாம்பார் என்று போட்டால் காட்சி அப்படியே ஓடுகிறதா? ஓடினால் பண்டம் வேலை செய்யவில்லை.

சுறாப்புட்டுக்கு அர்த்தம் கொடுப்பது இந்தக் கரையின் ஒரு வழக்கம். பால்சுறா தின்றால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்பார்கள். அதனால் மாமியார் அதைக் கொண்டுவந்தால் அது பாசம். கூடவே "நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை" என்பதும் அதில் இருக்கிறது. சொல்லாமலே இரண்டும் சொல்லியாகிவிட்டது.

அடுத்தது பருவம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வல்லத்துக்கும் நாட்டுப்படகுக்கும் இந்தத் தடை கிடையாது. திரேசம்மாளின் புருஷன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தடைக்காலத்தில் அவர் வலை பொத்திக்கொண்டு கரையில் கிடக்கிறார். சூசையம்மாள் வீட்டில் சொந்தமாக ஒரு வல்லம் இருக்கிறது. மற்ற மாதங்களில் பெரிய போட்டின் பக்கம் நிற்கும் குடும்பம், மே மாதத்தில் வல்லக்காரர் வீட்டு மீனைக் கைநீட்டி வாங்குகிறது. நான் கதையை மே மாதத்துக்கு நகர்த்தியதே இதற்காகத்தான். முதலில் அது ஆவணியில் நடந்தது. ஆவணியில் தங்கச்சிமடத்துக்கு மூக்கையூரிலிருந்து சுறா வந்தால் அதில் குத்தலே இல்லை.

மூன்றாவது உழைப்பு. சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, சதையை உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிக் கிளற வேண்டும். தோல் சரியாக உரியாவிட்டால் மண்ணைக் கடித்த மாதிரி நறநறக்கும். இதெல்லாம் செய்முறைக் குறிப்பாகக் காட்சிக்குள் வரவேண்டியதில்லை. ஆனால் எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் எந்த இடத்தில் ஒருத்தி பெருமை பேசுவாள், எந்த இடத்தில் இன்னொருத்தி குறை காண முடியும் என்பது தானாக வரும்.

எதிரில் காரல். சின்ன மீன், முள் அதிகம், விலை குறைவு. திரேசம்மாளால் மகளுக்குக் கொடுக்க முடிவது அதுதான். சுறாவும் காரலும் எதிரெதிரே வந்ததும் காசு பற்றிய சண்டைக்கு மேடை தயார்.

சாவியை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்

இரண்டு பவுன் விஷயம் வாசகருக்கு எப்போது தெரிய வேண்டும்? காட்சிக்கு முன்பு. காட்சி முடிந்தபின் "அப்படியா சங்கதி" என்று திறந்து காட்டினால், வாசகர் திரும்பப் போய்ப் படிக்க வேண்டும். பாதிப் பேர் போக மாட்டார்கள். நான் இரண்டு பக்கம் முன்னால் ஒரே வாக்கியம் வைத்தேன்: திரேசம்மாள் அடகுக் கடைப் படி ஏறி, ஒரு பவுன் இன்று என்ன விலை என்று கேட்டுவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே இறங்குகிறாள். ஏழில் ஐந்து போட்டாகிவிட்டது என்பதும் அங்கேயே ஒரு அரை வரியில் வந்துவிடுகிறது. அதற்குமேல் விளக்கவில்லை.

காட்சி

சூசையம்மாள் தூக்குவாளியைத் திண்ணையில் வைத்தாள். மூன்று பஸ் மாறி வந்ததில் சேலை கசங்கியிருந்தது.

"சுறாப்புட்டு. விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு அவிச்சேன். வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு."

"எதுக்கு மதினி இவ்வளவு சிரமம்? இங்க கிடைக்காததா?"

"கிடைக்கும்னுதான் மதினி நானும் நினைச்சேன்."

திரேசம்மாள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"பூண்டு நிறையப் போட்டிருக்கீங்க."

"பால் கொடுக்குறவளுக்குப் பூண்டைக் குறைக்க முடியுமா? தோலை நல்லா உரிச்சிருக்கேன், மண்ணு கடிக்காது. இங்க என்ன கொடுக்குறீங்க?"

"காரல்தான். மிளகு தட்டிப்போட்டுச் சாறு வச்சுக் கொடுக்குறேன்."

"காரலா?"

"நேத்துப் பிடிச்ச காரல். நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருக்கும். முள்ளுதான் கூட."

"முள்ளை எடுத்துட்டுத்தான் கொடுக்குறேன் மதினி. இருபத்திரண்டு வருசமா எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

தெருவில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போனார். சத்தம் தேயும்வரை இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

"வளர்த்ததை யார் குறை சொன்னா? பிள்ளை இளைச்சிருக்கான்னு அவன் அப்பன் போன்ல சொன்னான். அதான்."

"தடை முடியட்டும். போட்டு கடலுக்குப் போகட்டும். நல்ல மீனா வாங்கிக் கொடுப்பேன். சொன்னா சொன்னதைச் செய்றவதான் நானும்."

"நான் என்ன மீனா கேட்டேன்?"

உள்ளே தொட்டில் கம்பி கிறீச்சிட்டது. சூசையம்மாள் குரலை இறக்கினாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். பார்த்துப் போட்டுக் கொடுங்க."

"இருக்கட்டும். சோத்துல பிசைஞ்சா சரியாப் போயிரும்."

ஸ்டெல்லா நிலைப்படியில் வந்து நின்றாள். வாளியை எடுத்து, ஒரு விரலில் கொஞ்சம் தொட்டு வாயில் வைத்தாள்.

"நல்லா இருக்கு அத்தை."

"வேற பாத்திரத்துல மாத்திட்டு வாளியைக் கழுவிக் கொடும்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"வாளி இருக்கட்டும் அத்தை. வரும்போது நானே கொண்டு வர்றேன்."

எப்போது என்று யாரும் கேட்கவில்லை. திரேசம்மாள் எழுந்துபோய், காரல் கருவாட்டை ஒரு செய்தித்தாளில் பொதிந்து எடுத்துவந்தாள்.

இப்போது வரிவரியாகப் பார்க்கலாம்

முதலில் எண்ணிக்கை. இருபது சொச்சம் வரிகளில் இரட்டை அர்த்தம் சுமப்பவை ஐந்தாறுதான். "தோலை நல்லா உரிச்சிருக்கேன்" என்பது வெறும் தோல். "நேத்துப் பிடிச்ச காரல்" என்பது வெறும் காரல். எல்லா வரியும் குத்தினால் இரண்டு பேரும் வக்கீல்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். சாதாரண வரிகள்தான் குத்தும் வரிக்கு இடம் விட்டுக் கொடுக்கின்றன.

தமிழில் இந்த வேலையை நமக்குப் பாதி செய்து கொடுப்பவை சின்னச் சின்ன ஒட்டுகள். "கிடைக்கும்னு நானும் நினைச்சேன்" என்றால் அது செய்தி. "கிடைக்கும்னு*தான்* நானும் நினைச்சேன்" என்றால், கிடைக்கவில்லை என்பதும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்பதும் வந்துவிடுகிறது. மீனுக்கும் பொருந்தும், பவுனுக்கும் பொருந்தும். "முள்ளுதான் கூட" என்பதும் அப்படித்தான். இதையே "ஆனால் முள் அதிகமாக இருக்குமே" என்று எழுதிப் பாருங்கள், வெறும் தகவலாகிவிடும். குத்தும் வரி விழவில்லை என்று தோன்றினால் புது வரி தேடுவதற்கு முன் அதே வரியில் 'தான்', 'ஏ', 'ஆவது', 'உம்' ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போட்டுச் சத்தமாகப் படியுங்கள். பல தடவை அதுவே போதும். "செய்றவதான் நானும்" என்பதில் உள்ள அந்த 'உம்'மைக் கவனியுங்கள். உங்களைப் போல நானும் மானமுள்ளவள் என்பது அந்தச் சின்ன ஒட்டுக்குள் இருக்கிறது.

அடுத்தது சொல்லாமல் விடும் சொல். தமிழில் எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டுப் பேசலாம், யாருக்கும் உறுத்தாது. "இருக்கட்டும்" என்றால் எது இருக்கட்டும்? உப்பா, பேச்சா, கடனா? "சொன்னா சொன்னதைச் செய்றவ" என்பதில் என்ன சொன்னாள் என்பது இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் இரண்டு பவுன் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு பெயர்ச்சொல்லை வைத்து நிரப்பினால் காட்சி போச்சு.

மூன்றாவது விளி. ஆரம்பத்தில் வாய்க்கு வாய் 'மதினி'. "முள்ளை எடுத்துட்டுத்தான் கொடுக்குறேன் மதினி" என்பதுதான் கடைசி. அதன்பிறகு அந்தச் சொல் வரவே இல்லை, 'கொடுங்க' மட்டும் நிற்கிறது. மரியாதை குறையவில்லை, உறவு ஒரு அடி பின்னால் போயிருக்கிறது. வாசகர் இதை எண்ணிப் பார்க்க மாட்டார், ஆனாலும் அந்தக் குளிர்ச்சி அவருக்கு எட்டும். 'நீ' என்று இறக்கிவிட்டால் அது வெளிப்படையான சண்டை. இந்த இரண்டு பேர் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

பிறகு அந்தக் கிழிசல். "நான் என்ன மீனா கேட்டேன்?" இந்த ஒரு வரியில்தான் திரை விலகுகிறது. ஒரு காட்சிக்கு இப்படி ஒரு கிழிசல் போதும். முக்கால் பங்கு கடந்தபின் வந்தால் நல்லது. வந்ததும் உடனே தைத்துவிட வேண்டும், அதுவும் சாப்பாட்டைக் கொண்டே. உப்புப் பேச்சு அதற்காகத்தான். உப்பு என்றதும் உண்ட வீடு, நன்றி என்று மனம் தானாகப் போகும். அதை எழுத்தில் தொடாமல் விட்டேன். தொட்டிருந்தால் பழமொழிக் கதையாகியிருக்கும்.

முடிவு. சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்க வேண்டும். இங்கே வாளி. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று நம் வீடுகளில் பார்ப்போம். ஸ்டெல்லா பாத்திரத்தையே தராமல் நிறுத்திக்கொள்கிறாள். போகிறேன் என்று அவளாக ஒப்புக்கொண்டாயிற்று. அம்மாவின் மானத்தையும் காப்பாற்றியாயிற்று. திரேசம்மாளோ, ஏளனம் செய்யப்பட்ட அதே காரலைக் கருவாடாகப் பொதிந்து கையில் கொடுக்கிறாள்.

கெட்டுப்போகும் இடங்கள்

நான் அதிகம் பார்த்தது, கதாபாத்திரம் கண்ணடிப்பது. "சில பேர் வாழ்க்கையிலும் முள்ளுதான் மதினி" மாதிரியான வரிகள். தான் உவமை பேசுகிறோம் என்று பாத்திரத்துக்கே தெரிந்துவிட்டால் அது மேடை நாடகம். சூசையம்மாளைக் கேட்டால், நான் மீனைத்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்வாள். அது பொய்யாகவும் இருக்காது.

இரண்டாவது, உணவு வர்ணனை. ஆவி பறக்கிறது, மணம் தெருவைத் தூக்குகிறது என்று நாலு வரி போனால் சண்டை ஆறிவிடும். இங்கே வாசனைக்கு நான் ஒரு சொல்கூடச் செலவழிக்கவில்லை.

மூன்றாவது, வெறுப்பு மட்டும் இருப்பது. நாலு மணிக்கு எழுந்து சுறா அவித்தவள் குத்திக்காட்டுவதற்காக மட்டும் எழுந்திருக்க மாட்டாள். புட்டு உண்மையிலேயே நன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் ஸ்டெல்லா தொட்டு நாக்கில் வைக்கிறாள்.

வட்டார வழக்கைப் பற்றி ஒன்றே ஒன்று: மதினி, எந்திரிச்சு, போட்டு என்று ஐந்தாறு சொற்களே போதும்.

சரிபார்ப்பது

உரையாடலை மட்டும் தனியாக எடுத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். "சம்பந்திங்க சாப்பாடு பேசிக்கிறாங்க, என்னவோ கடுகடுப்பு இருக்கு" என்று சொன்னால் சரி. ஒன்றுமே புரியவில்லை என்றாலோ, "நகைப் பிரச்சினையா?" என்று நேரே பிடித்துவிட்டாலோ திருத்த வேண்டும். அப்புறம் அடகுக் கடை வரியையும் சேர்த்து இன்னொருவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் உறுத்தியது என்று கோடு போடச் சொல்லுங்கள். மூன்று, நான்கு கோடு வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, அந்தக் கடலைத் தெரிந்த ஒருவர் படிக்க வேண்டும். பாம்பனில் மீன் வாங்கி விற்கும் அக்கா ஒருவருக்கு நான் வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே நிறுத்தினார். "வல்லக்காரி வீடுன்னா மட்டும் நினைச்ச அன்னைக்குச் சுறா விழுந்துருமா தம்பி? விழலைன்னா வெளியதான் சொல்லி வச்சு வாங்கியிருப்பா. தடைக்கால விலைக்கு." இப்போது என் கையெழுத்துப் பிரதியில் "விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு" என்பதற்கு முன்னால் புதிதாக ஒரு வரி இருக்கிறது: "நாலு நாள் முன்னாடியே சொல்லி வச்சு வாங்கினேன்."